அடிமாட்டு விலைக்குக் கேட்டவருக்கு என்ன பதில் போடுவது? (கிளாசிக் 350, சேலம்)

ஒண்டிக்கடை_காற்று
வண்டி கிளாசிக் 350, 2018 நவம்பர், டி.என்.30 பதிவு, முதல் ஓனர் நான்தான், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 1,18,000 கேட்டு விளம்பரம் போட்டு நான்கு நாள் ஆகிறது. பதினொரு பேர் மெசேஜ் போட்டதில் ஏழு பேர் "லாஸ்ட் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். நேற்று ராத்திரி ஒருவர் இப்படி அனுப்பினார்: "75 தருகிறேன், ரெடி கேஷ். ஏற்காட்டில் ஓடின வண்டி, கிளட்ச், பிரேக் எல்லாம் தேய்ந்துதான் இருக்கும். இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது? பின் டயர் எப்போது மாற்றினீர்கள்?"

முதலில் வந்த கோபத்தில் "75க்கு டயரும் பெட்ரோல் டேங்க்கும் தரலாம்" என்று டைப் செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன். ஏனென்றால் பதினொரு பேரில் வண்டியைப் பற்றி ஏதாவது கேட்டவர் இவர் ஒருவர்தான், அவரை விரட்டிவிட மனசில்லை. ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு 88,000 சொன்னார்கள், அதனால் 75க்கு நான் ஏன் தரப்போகிறேன். 1,05,000க்கு மேல் வந்தால் கொடுத்துவிடுவேன். இன்னொன்று, ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது, மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். இவருக்கு மரியாதையாகவும் இருக்க வேண்டும், ஆள் கையை விட்டுப் போகவும் கூடாது, என்ன எழுதலாம்?

ஐந்துரோட்டுக்காரன்
தப்பு விளம்பரத்திலேயே நடந்துவிட்டது. பேரம் எப்போதும் நடுவில் வந்துதான் நிற்கும். அவர் 75, நீங்கள் 118, நடு என்றால் 96,500, அங்கேதான் முடியும். 1,40,000 போட்டிருந்தால் நடு 1,07,500 ஆகியிருக்கும். விளம்பரத்தை எடுத்துவிட்டு 1,40க்குப் புதிதாகப் போடுங்கள். இவருக்குப் பதிலே வேண்டாம்.

கொலுசுப்பட்டறை
2018 கிளாசிக் 75க்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள் தம்பி. எங்கள் தெருவில் ஒருவர் இதே வண்டியை 1,20க்கு எடுத்தார்.

ஒண்டிக்கடை_காற்று
அண்ணா, நான் விற்கிறவன். 75க்குக் கேட்டவர்தான் வாங்குகிறவர்.

கொலுசுப்பட்டறை
ஓ, அப்படியா, சரி சரி. அப்படியென்றால் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய_வண்டி_வியாபாரி
சூரமங்கலம் பக்கம் பதினான்கு வருஷம் வண்டி வாங்கி விற்றவன், இப்போது விட்டுவிட்டேன், அதனால் தொழில் ரகசியத்தைச் சொல்வதில் எனக்கு நஷ்டம் இல்லை.

ஐந்துரோட்டுக்காரர் சொன்ன நடு கணக்கு பாதி உண்மை. ஆட்கள் நடுவில்தான் முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் 1,40 என்று போட்டால் 1,10, 1,15 என்று மற்ற விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் உங்களுடையதைத் திறக்கவே மாட்டார், அப்புறம் எந்த நடு? அந்தக் கணக்கை நீங்கள் வேறு மாதிரி பயன்படுத்த வேண்டும். அவர் 75இலேயே நிற்கும்போது உங்கள் வாயிலிருந்து ஒரு எண்ணும் வரக்கூடாது. மரியாதைக்காக 1,12 என்று இறங்கினீர்கள் என்றால் நடு 93,500க்குப் போய்விடும், அவர் ஒரு ரூபாய்கூட ஏறாமல் உங்களை 3,000 இறக்கியிருப்பார். அவர் ஒரு முறை ஏறிய பிறகு நீங்கள் ஒரு முறை இறங்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

அதற்கும் முன்னால் இவர் யார் என்று பார்க்க வேண்டும். என்னை மாதிரி ஆளா, ஓட்டுவதற்கு வாங்குகிற ஆளா? நானாக இருந்தால் இந்த வண்டியை 1,10க்கு விற்கலாம் என்று நினைப்பேன், எனக்கு 12, 15 ஆயிரம் நிற்க வேண்டும், டயர், பாலிஷ், அலைச்சல் எல்லாம் கழித்தால் 92க்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன், நீங்கள் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் தரமாட்டேன். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு அந்தச் சுவர் கிடையாது, பிடித்தால் ஏறுவார். இன்சூரன்ஸும் டயரும் கேட்கிறவர் பெரும்பாலும் இரண்டாவது ரகம். வியாபாரி அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவான். இன்னொரு அடையாளம், "ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், பெயர் அப்புறம் எழுதிக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் வியாபாரி, சந்தேகமே வேண்டாம். வண்டி மூன்று கை மாறும், அபராதச் சீட்டு உங்கள் போனுக்கு வரும்.

ஒண்டிக்கடை_காற்று
சரி, எண் சொல்லவில்லை என்றால் என்னதான் எழுதுவது? ஒரு வரைவு போடுகிறேன், பாருங்கள்.

"வணக்கம் சார். மன்னிக்கவும், 75க்கு முடியாது சார். வண்டி மிக நல்ல கண்டிஷன், நான் என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன், மலைப்பாதை என்றாலும் மெதுவாகத்தான் ஓட்டுவேன். ஓசூருக்கு மாற்றல் என்பதால்தான் மனசில்லாமல் விற்கிறேன். 1,12 வரை தரலாம், கொஞ்சம் யோசியுங்கள் சார்."

பழைய_வண்டி_வியாபாரி
இதில் நான்கு இடத்தில் உங்கள் காசு ஒழுகுகிறது.

"மன்னிக்கவும்" எதற்கு? நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. "முடியாது" என்றால் கதவைச் சாத்துகிறீர்கள், "எனக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லுங்கள். முடியாது என்றால் நீங்கள் அவரை மறுக்கிறீர்கள், கட்டுப்படியாகாது என்றால் கணக்கு மறுக்கிறது, அவர் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. ஓசூர் மாற்றலைச் சொல்லவே சொல்லாதீர்கள், மூன்று வாரத்தில் கிளம்புகிறவன் கடைசி வாரத்தில் எந்த விலைக்கும் தருவான் என்று அவருக்குத் தெரியும். ஏன் விற்கிறீர்கள் என்று அவராகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், வேலை மாற்றல் என்று சொல்லுங்கள், தேதி வேண்டாம். 1,12ஐ ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. அவர் ஒரு காரணம் சொல்லித்தான் குறைத்துக் கேட்டிருக்கிறார், கிளட்ச், பிரேக் என்று. அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது பாதி கிளட்ச்சில் இழுத்துக்கொண்டே போனால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும், இறங்கும்போது கியரில் விடாமல் பிரேக்கிலேயே நின்றால் பேட் தேயும், அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நீங்கள் எப்போது மாற்றினீர்கள்? பில் இருக்கிறதா?

ஒண்டிக்கடை_காற்று
கிளட்ச் பிளேட் 24,000இல் மாற்றினேன், பில் இருக்கிறது. முன் பிரேக் பேட் மாற்றி ஒரு வருஷம் இருக்கும், பில் தேட வேண்டும். பின் டயர் உண்மையிலேயே மாற்றுகிற நிலையில்தான் இருக்கிறது, கடையில் கேட்டேன், 3,000 பக்கம் ஆகும் என்றார்கள்.

பழைய_வண்டி_வியாபாரி
டயரை நீங்களே சொல்லிவிடுங்கள். குறையை அவர் கண்டுபிடித்தால் பத்தாயிரம் குறைப்பார், நீங்களாகச் சொன்னால் மூவாயிரத்தோடு போகும். அதோடு, டயர் மோசம் என்று எழுதுகிறவன் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம் என்று அவருக்குத் தோன்றும்.

"வணக்கம் சார், விவரமாகக் கேட்டதற்கு நன்றி. 75 எனக்குக் கட்டுப்படியாகாது. கிளட்ச் பிளேட் 24,000 கிலோமீட்டரில் புதிதாகப் போட்டது, பில் படம் இத்துடன் இருக்கிறது. இன்சூரன்ஸ் தேதியும் அனுப்பியிருக்கிறேன். பின் டயர் மாற்ற வேண்டியதுதான், அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கா சார்? ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பாருங்கள், பார்த்த பிறகு பேசலாம்."

இவ்வளவுதான். கடைசி வரி ஒரு நாள், ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "யோசித்துச் சொல்லுங்கள்" என்று முடித்தால் அவர் யோசித்துக்கொண்டேதான் இருப்பார்.

லீபஜார்_மண்டி
நல்ல பதில், ஆனால் ஒரு வார்த்தை குறைகிறது. "பார்த்துச் செய்கிறேன்" என்று ஒன்று போடுங்கள். அது இல்லாமல் நம் ஊரில் எந்த வியாபாரமும் நகராது. அந்த வார்த்தையைக் கேட்டால்தான் வாங்குகிறவர் வண்டி ஏறுவார், இல்லையென்றால் இவன் கறார் ஆள் என்று அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

பழைய_வண்டி_வியாபாரி
அண்ணாச்சி, மண்டியில் நீங்களும் வாங்குகிறவரும் வருஷக்கணக்காகப் பழக்கம், பார்த்துச் செய்கிறேன் என்றால் மூட்டைக்கு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும். முன்பின் தெரியாத ஆள், அதுவும் 75 கேட்டவர், அதைக் கேட்டால் 80, 85க்கு முடியும் என்று எடுத்துக்கொள்வார்.

லீபஜார்_மண்டி
எடுத்துக்கொள்ளட்டுமே, முதலில் ஆள் வரட்டும். வண்டியைத் தொட்டு ஸ்டார்ட் பண்ணின பிறகு மனசு மாறும்.

மிளகுக்கொடி
வராதவரைவிட வந்து ஏமாந்தவர் மோசம், நான் அனுபவித்திருக்கிறேன். நாகலூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்த காப்பிப் பழம் உரிக்கிற பழைய மெஷினை விற்கப் போட்டேன், 40,000 கேட்டேன். ஒருவர் 15 என்றார். நானும் மரியாதையாக, "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதினேன். அவர் ஆத்தூரிலிருந்து வண்டி பிடித்து, மலை ஏறி, கூடவே இரண்டு ஆளையும் தூக்குவதற்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், 18க்குப் படிந்துவிடும் என்ற நினைப்பில். நான் 36 என்றதும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, டெம்போ வாடகையை யார் கொடுப்பது என்று வாசலில் நின்று சண்டை. அவர் மேலும் தப்பில்லை. நான் எதையும் சொல்லாமல் கூப்பிட்டதுதான் தப்பு. அதனால் எண் சொல்லக் கூடாது என்பது மலையில் இருக்கிறவருக்குச் சரிப்படாது. லட்சத்துக்குக் கீழே இல்லை என்றாவது எழுதிவிடுங்கள்.

பழைய_வண்டி_வியாபாரி
அம்மா சொல்வது நியாயம், நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் "லட்சத்துக்குக் கீழே இல்லை" என்று எழுதினால் விலை அந்த நிமிஷமே ஒரு லட்சம் ஆகிவிடும், இவருக்கு 1,05 வேண்டும். "கேட்ட விலைக்குப் பக்கத்தில் வந்தால்தான் எனக்குச் சரிவரும், டயருக்கு மட்டும் கழிக்கலாம்" என்று எழுதலாம். எண் இல்லை, ஆனால் 80ஐ மனசில் வைத்துக்கொண்டு யாரும் கிளம்பமாட்டார்கள். அப்புறம், ஏற்காட்டுக்கு வரச் சொல்லாதீர்கள், வண்டியைக் கீழே அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவாருங்கள். வராமல் போக அவருக்கு ஒரு சாக்கு குறையும்.

ஐந்துரோட்டுக்காரன்
இன்னொருவர் 1,10 சொல்லியிருக்கிறார் என்று ஒரு வரி போட்டால் ஓடி வருவார்.

பழைய_வண்டி_வியாபாரி
"அப்போ அவருக்கே கொடுத்துவிடுங்கள் சார்" என்று பதில் வரும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

லீபஜார்_மண்டி
இதையெல்லாம் தனி மெசேஜில் பேசுங்கள். விளம்பரத்துக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி பேரம் பேசினால், இவருக்கு இறங்கின விலையிலிருந்துதான் அடுத்தவர் ஆரம்பிப்பார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துப் பேசுகிறார்களே, அது வேறு எதற்கு?

ஒண்டிக்கடை_காற்று
மண்டி அண்ணாச்சி மன்னிக்கவும், "பார்த்துச் செய்கிறேன்" போடவில்லை. மற்றதைச் சேர்த்து நேற்று மத்தியானம் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: "சொந்த உபயோகத்துக்குத்தான் சார், பையன் காலேஜ் போக. ஆர்.சி.யில் இன்னும் ஹெச்.பி. காட்டுகிறதே?" வண்டி எண்ணை விளம்பரப் படத்தில் பார்த்து ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார்! கடனை 2021இலேயே கட்டி முடித்துவிட்டேன், வங்கி கொடுத்த என்.ஓ.சி. பீரோவில் கிடக்கிறது. ஆர்.டி.ஓ.வில் ஹெச்.பி. எடுக்கவே மறந்துவிட்டேன்.

பழைய_வண்டி_வியாபாரி
75க்குக் காரணம் இப்போது தெரிகிறது. கிளட்ச், பிரேக் எல்லாம் மேல்பூச்சு. ஆர்.சி.யில் வங்கி பெயர் இருக்கிற வண்டியை வாங்கினால் அவர் பெயருக்கு மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வார், அந்தப் பயத்துக்கு அவர் வைத்த விலைதான் அது. நீங்கள் என்ன இனிமையாக எழுதினாலும் அதை எடுக்காமல் ஏறமாட்டார். என்.ஓ.சி.யில் தேதியைப் பாருங்கள், பழையது என்றால் வங்கியில் புதிதாக வாங்கி, ஃபார்ம் 35 வைத்து ஹெச்.பி. நீக்க விண்ணப்பம் போடுங்கள். அவருக்கு இன்றைக்கே எழுதுங்கள்: "சரியாகக் கவனித்தீர்கள் சார். கடன் முடிந்துவிட்டது, நீக்க விண்ணப்பம் போடுகிறேன், ரசீதை உங்களுக்கு அனுப்புகிறேன்." மழுப்பாதீர்கள்.

ஒண்டிக்கடை_காற்று
என்.ஓ.சி.யில் 90 நாள்தான் செல்லும் என்று போட்டிருக்கிறது. புதிதாக வாங்க ஐந்து நாள் ஆனது, விண்ணப்பமும் போட்டாயிற்று. ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன், வேறு எதுவும் எழுதவில்லை. "ஞாயிறு காலை வருகிறேன்" என்று வந்தது.

ஞாயிறு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அஸ்தம்பட்டியில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு வந்தார். மெக்கானிக் கிளட்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முன் பேட் பாதி தேய்ந்திருக்கிறது என்றார், உண்மைதான், பில்லும் கிடைக்கவில்லை. பையன் ஒரு ரவுண்டு ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் அவரே 90 என்று ஏறினார். நான் டயருக்கு மூன்று கழித்து 1,15 என்றேன். 98 என்றார், 1,13 என்றேன். 1,02க்கு வந்தார், நான் 1,12. அங்கே நின்றுவிட்டது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். நான் அப்போதே 1,08 சொல்லியிருக்கலாமோ?

பழைய_வண்டி_வியாபாரி
இல்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கியிருக்கிறீர்கள், இதற்குக் கீழே அதிகம் இல்லை என்று அவருக்கே புரிந்திருக்கும். அங்கே திடீரென்று நான்காயிரம் இறங்கினால் இன்னும் இருக்கிறது போலிருக்கிறதே என்று தோன்றும். அவர் பதினைந்து, எட்டு, நாலு என்று ஏறியிருக்கிறார், அவருக்கும் எல்லை நெருங்குகிறது. இன்றைக்கு மெசேஜ் போடாதீர்கள். ஹெச்.பி. நீங்கியதும் புது ஆர்.சி. விவரத்தை அனுப்புங்கள், பேசுவதற்கு அது ஒரு காரணம். "என்ன சார் முடிவு பண்ணீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

லீபஜார்_மண்டி
ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக் கொடுத்தீர்களா?

ஒண்டிக்கடை_காற்று
அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

லீபஜார்_மண்டி
அப்படியென்றால் வாங்குவார். 1,08க்கு முடித்துவிடுங்கள், இழுக்காதீர்கள்.

மிளகுக்கொடி
மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் சும்மா வரமாட்டார், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்குக் கிளம்ப எத்தனை நாள் பாக்கி? அதையும் பாருங்கள்.

ஒண்டிக்கடை_காற்று
ஒன்பது நாள். வியாழக்கிழமை ஹெச்.பி. நீங்கிவிட்டது, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "1,06. பெயர் மாற்றுகிற செலவு உங்களுடையது."

ஐந்துரோட்டுக்காரன்
75இலிருந்து 1,06. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பழைய_வண்டி_வியாபாரி
பெயர் மாற்றுகிற செலவு வழக்கமாக வாங்குகிறவருடையது, அதைத் தூக்கி உங்கள் தலையில் வைத்தது விட்டுக்கொடுக்கத்தான். விலையையும் செலவையும் ஒன்றாகப் பேசாதீர்கள், ஒன்றில் நில்லுங்கள், ஒன்றில் இறங்குங்கள். கூடவே ஃபார்ம் 29, 30 இரண்டிலும் அவர் பெயர் எழுதின பிறகுதான் உங்கள் கையெழுத்து.

ஒண்டிக்கடை_காற்று
இப்படி அனுப்பியிருக்கிறேன்: "சந்தோஷம் சார். 1,07 என்று வைத்துக்கொள்வோம், பெயர் மாற்றும் செலவு உங்களுடையது, ஆர்.டி.ஓ.வுக்கு நானும் கூட வருகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணி, அதே டீக்கடை. இந்த முறை டீ என்னுடையது."

பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை.